குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே செய்தி: ஒலிப்பிரதியின் மட்டத்தை எப்படி அளப்பது?

கேள்வி: கடற்கரையில் உள்ள ஒரு சிறிய காட்சியகத்துக்காகப் பங்குனி ஆமை பற்றி இரண்டு ஒலிப்பதிவுகள் தயாரிக்கிறோம். ஒன்று 5 முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, மற்றது பெரியவர்களுக்கு. பெரியவர் பிரதியை முதலில் எழுதி, அதைச் சுருக்கி, வாக்கியங்களைச் சிறியதாக வெட்டிக் குழந்தைப் பிரதி ஆக்கினேன். இணையத்தில் கிடைத்த வாசிப்புநிலைச் சூத்திரத்தில் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். குழந்தைப் பிரதி ‘எளிது’ என்றே வந்தது. ஆனால் கேட்ட குழந்தைகள் இரண்டாம் நிமிடத்திலேயே விளையாடப் போய்விட்டார்கள். பெரியவர்களோ பள்ளிப் பாடம் கேட்பது போல் இருக்கிறது என்கிறார்கள். இரண்டு பிரதிகளையும் இணைத்துள்ளேன். மட்டத்தை எதை வைத்து நிர்ணயிப்பது? (கடலூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

இரண்டு பிரதிகளையும் முதலில் தாளில் படித்தேன். பிறகு என் வீட்டார் ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். தாளில் தெரியாத பிழைகள் காதில் தெரிந்தன. ஆகவே சூத்திரத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அது சொன்ன ‘எளிது’ என்ற தீர்ப்புதான் உங்களை வழி தவறச் செய்திருக்கிறது.

நீங்கள் பயன்படுத்தியது 1948-இல் ருடால்ஃப் ஃபிளெஷ் ஆங்கிலத்துக்காக வகுத்த சூத்திரத்தின் வழிவந்தது. ஒரு வாக்கியத்தில் சராசரியாக எத்தனை சொற்கள், ஒரு சொல்லில் சராசரியாக எத்தனை அசைகள் என்ற இரண்டை மட்டுமே அது எண்ணுகிறது. ஆங்கிலத்தில் நீளமான சொல் பெரும்பாலும் அரிய சொல்லாக இருப்பதால், அங்கே அந்தக் கணக்கு ஓரளவு எடுபடுகிறது. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருவதால், சொல்லின் நீளத்துக்கும் அருமைக்கும் அப்படி ஓர் உறவு இல்லை. ‘வந்துகொண்டிருந்தது’ என்ற சொல்லில் ஏழு அசைகள் உள்ளன. நான்கு வயதுக் குழந்தை அதன் பேச்சு வடிவத்தை நாள் முழுவதும் பயன்படுத்துகிறது. ‘கரு’ என்பதில் இரண்டே அசைகள். அந்தக் குழந்தைக்கு அது ஒன்றுமே சொல்லாது. சூத்திரம் முதலாவதைக் கடினம் என்றும் இரண்டாவதை எளிது என்றும் எண்ணிக்கொள்ளும். இதைவிடப் பெரிய குறை, அது அச்சில் உள்ளதைக் கண்ணால் படிப்பவருக்கானது. உங்கள் ஐந்து வயதுக் குழந்தை இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கவே கற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் காதால் கேட்டுப் புரிந்துகொள்வதில் தன் வாசிப்பைவிடப் பல படி முன்னே இருக்கிறது. எனவே ‘முதல் வகுப்பு வாசிப்பு மட்டம்’ என்று வைத்துக்கொண்டால் குழந்தைக்குக் குறைவாகக் கொடுத்தவர் ஆவோம். அதே சமயம், படிப்பவர் புரியாத வரிக்குத் திரும்பிச் செல்லலாம், கேட்பவரால் அது முடியாது என்பதை மறந்தால் பெரியவருக்குக்கூட அதிகமாகக் கொடுத்தவர் ஆவோம்.

உங்கள் குழந்தைப் பிரதியின் தொடக்கத்தைப் பாருங்கள்: “கடல் ஆமை ஊர்வன இனம். அது கடற்கரையில் முட்டையிடும். குஞ்சுகள் ஒளியை நோக்கிச் செல்லும். செயற்கை ஒளி அவற்றின் திசையறிதலைப் பாதிக்கும்.” எந்த வாக்கியமும் ஐந்து சொற்களைத் தாண்டவில்லை. ஆயினும் குழந்தைக்கு இது ஒரு கற்சுவர், ஏனெனில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு புதுச் செய்தியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, முந்தையதோடு அதற்கு என்ன தொடர்பு என்று சொல்லாமலே போய்விடுகிறது. நீண்ட வாக்கியத்தை வெட்டும்போது முதலில் உதிர்வது ‘அதனால்’, ‘ஏனென்றால்’, ‘அப்போது’, ‘ஆனால்’ போன்ற இணைப்புச் சொற்கள்தான். அவை உதிர்ந்த இடத்தில் காரணத்தைக் கேட்பவரே ஊகித்து நிரப்ப வேண்டும். பெரியவர் தம்முடைய பொது அறிவிலிருந்து அதை நிரப்பிக்கொள்வார். குழந்தையிடம் நிரப்புவதற்கு ஒன்றும் இல்லை. ஒளியை நோக்கிப் போவதற்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்பதை நீங்கள் எங்கேயுமே சொல்லவில்லை. வெட்டியதனால் பிரதி சிறியதாயிற்று, ஆனால் கடினமும் ஆயிற்று.

அப்படியானால் வாக்கிய நீளத்தைப் பார்க்கவே வேண்டாமா என்றால், நீளத்தைவிட அதன் அமைப்பைப் பார்க்க வேண்டும். இரண்டு வாக்கியங்களை உரக்கச் சொல்லிப் பாருங்கள். முதலாவது: “அம்மா ஆமை கரைக்கு வந்து, மணலைத் தோண்டி, முட்டை போட்டு, குழியை மூடிவிட்டு, கடலுக்குத் திரும்பிப் போனது.” இரண்டாவது: “கரைக்கு வந்த ஆமை தோண்டிய குழியில் கிடக்கும் முட்டை உடைந்தது.” முதலாவதில் பதின்மூன்று சொற்கள், ஐந்து வயதுக் குழந்தை திணறாமல் தொடர்ந்து வரும். இரண்டாவதில் எட்டுச் சொற்கள். பெரும்பாலான குழந்தைகள் உடைந்தது முட்டையா குழியா என்று கேட்பார்கள். காரணம், முதலாவதில் செய்பவர் யார் என்பது முதலிலேயே வந்துவிடுகிறது. வினையெச்சங்கள் நிகழ்ச்சி நடந்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எதையும் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. நம் வீட்டுப் பாட்டிகள் சொல்லும் கதைகள் முழுவதும் இந்த அமைப்பில்தான் நடக்கின்றன. இரண்டாவதில் ‘வந்த’, ‘தோண்டிய’, ‘கிடக்கும்’ என்று பெயரெச்சங்கள் அடுக்காக வந்து, எந்தப் பெயருக்காக இத்தனையும் என்பது கடைசியில்தான் தெரிகிறது. தமிழில் பெயரை விவரிப்பது பெயருக்கு முன்னே வருவதால், இந்தச் சுமை நமக்குக் கூடுதலாகவே உண்டு.

ஆகவே நான் எண்ணுவது சொற்களை அல்ல. உரிய பெயரோ முற்றுவினையோ வந்துசேரும் வரை காது எத்தனை துண்டுகளைத் தாங்கிக் காத்திருக்கிறது என்பதை எண்ணுகிறேன். குழந்தைப் பிரதியில் ஒரு பெயருக்கு முன்னே ஒரு பெயரெச்சத்துக்கு மேல் வைப்பதில்லை; அதையும் அருகில் வைப்பேன். பெரியவர் பிரதியில் இரண்டு, மிஞ்சினால் மூன்று. உங்கள் பெரியவர் பிரதியில் “ஒடிசாவின் கஹிர்மாத்தா, ருஷிகுல்யா கரைகளுக்குப் பெருங்கூட்டமாக வந்து முட்டையிடும், தமிழகக் கரைகளுக்குத் தனித்தனியாக வரும், இரண்டடிக்குச் சற்று மேல் நீளமுள்ள ஓடுடைய” என்று போய் ஒரு மூச்சு வாங்கிய பிறகே ஆமை வருகிறது. தாளில் கண் முன்னே ஓடி ‘ஆமை’ என்ற சொல்லைப் பார்த்துவிடும். காதுக்கு அந்த வசதி இல்லை. ஆமையை முதலில் வையுங்கள், விவரங்கள் தாமாகவே எளிதாகிவிடும்: “பங்குனி ஆமை ஒடிசாவில் பெருங்கூட்டமாக வரும், நம் கரைக்குத் தனித்தனியாகத்தான் வரும்.”

இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கலை உங்கள் பிரதியில் ஏழு இடங்களில் குறித்திருக்கிறேன். அது ‘அது’ என்ற சொல். இந்தத் தலைப்பில் ஆமை அஃறிணை, குஞ்சு அஃறிணை, முட்டை, குழி, கடல், விளக்கு எல்லாமே அஃறிணை. “குஞ்சு விளக்கைப் பார்க்கிறது. அது அதை ஈர்க்கிறது” என்ற இடத்தில் எது எதை ஈர்க்கிறது என்று எழுதிய உங்களுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. எழுத்துநடையில் ஒரே பெயரைத் திரும்பச் சொல்வது அழகில்லை என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். குழந்தைக்கான ஒலிப்பிரதியில் அந்தப் பாடத்தை மறந்துவிடுங்கள். குஞ்சு, குஞ்சு, குஞ்சு என்று பத்து முறை வரட்டும். குழந்தைக்கு அது சலிப்பதில்லை. பெரியவர் பிரதியில் ‘அது’ வரலாம், எழுவாயே இல்லாமலும் வாக்கியம் வரலாம். ஆனால் அதற்குமுன் வந்த வாக்கியத்தில் அதற்கு உரியதாக ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும்.

சொற்களுக்கு வருகிறேன். மூன்று நிமிடக் குழந்தைப் பிரதியில் மூன்று புதுச் சொற்களுக்கு மேல் நான் அனுமதிப்பதில்லை. ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று முறை காதில் விழ வேண்டும், முதல் முறை வரும்போது பொருள் தெளிவாகும் ஒரு காட்சியோடு வர வேண்டும். உங்கள் பிரதியில் முதல் நாற்பது வினாடிக்குள்ளேயே ஊர்வன, இனம், செயற்கை, திசையறிதல், பாதிப்பு என்று ஐந்து வந்துவிட்டன. புதுச் சொல்லைவிடத் தொல்லை தருவது, குழந்தைக்கு வேறு பொருளில் ஏற்கெனவே தெரிந்த சொல். சில ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒரு பிரதியில் “இதுதான் ஆமை ஓடு” என்று ஒரு வரி வந்தது. கேட்டு முடித்த சிறுமியிடம் கதையைச் சொல்லச் சொன்னபோது, “அந்த மாமா ஆமையை ஓடச் சொன்னாங்க, ஆனா அது மெதுவாத்தான் போச்சு” என்றாள். தாளில் அந்த வரியில் எந்தக் குழப்பமும் இல்லை. அதன்பின் “ஆமையின் முதுகில் கெட்டியான ஓடு இருக்கிறது” என்றே எழுதுகிறேன். ‘இருக்கிறது’ என்ற வினை வந்தவுடன் ஓடுவதாக யாருக்கும் கேட்காது.

பெரியவர் பிரதியில் புதுச் சொல்லுக்கு இப்படிக் கணக்கு வைக்க வேண்டியதில்லை, ஆனால் அதை விளக்கும் முறையில் கவனம் வேண்டும். ‘பள்ளிப் பாடம்’ என்று அவர்கள் சொன்னதற்குக் காரணம் பிரதி கடினமாக இருந்தது அல்ல. “ஆமை ஓர் ஊர்வன. ஊர்வன என்றால்…” என்று, அவர்கள் அறிந்ததை வரையறுத்துக்கொண்டே போகிறீர்கள், அவர்கள் அறியாத ‘பொரிப்பகம்’ என்ற சொல்லை மட்டும் விளக்காமல் விட்டிருக்கிறீர்கள். பெரியவருக்கு வரையறை வாக்கியமே வேண்டாம்; போகிற போக்கில் செயலைச் சொன்னால் போதும்: “முட்டைகளை எடுத்துவந்து, வேலியிட்ட மணற்பரப்பில் அதே ஆழத்தில் மீண்டும் புதைக்கிறார்கள்; இந்தப் பொரிப்பகத்தில்…” என்று எழுதினால் அறிந்தவருக்கு இடையூறும் இல்லை, அறியாதவருக்குக் குறையும் இல்லை.

இதுவரை சொன்னது வாக்கியமும் சொல்லும். மட்டத்தை உண்மையில் முடிவு செய்வது இவை இரண்டுக்கும் முன்னால் நிற்கும் ஒன்று: எந்தக் கேள்விக்கு விடை சொல்லப் போகிறோம் என்பது. பெரியவர் பிரதியைச் சுருக்கிக் குழந்தைப் பிரதி ஆக்கக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணமும் இதுதான். இரண்டையும், உங்களுக்குத் தெரிந்த உண்மைகளைத் தனித்தனி வரிகளாக எழுதிவைத்த ஒரு குறிப்புத் தாளிலிருந்து தனித்தனியாக எழுத வேண்டும். அந்தத் தாளில் இருந்து குழந்தைக்கு நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி, “குஞ்சு கடலை எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்பது. பெரியவருக்கு எடுத்துக்கொள்வது, “முட்டைகளை இடம் மாற்றிப் புதைப்பதால் என்ன நன்மை, என்ன சிக்கல்?” என்பது. முதல் கேள்விக்கு விடை, சங்கிலி போல் மூன்றே கண்ணிகளில் முடியும்: கடல் பக்கம் வெளிச்சம் அதிகம், குஞ்சு வெளிச்சமான பக்கம் போகும், சாலை விளக்கு கடலைவிட வெளிச்சமாக இருப்பதால் குஞ்சு வழி தவறும். ஐந்து வயதில் மூன்று கண்ணிகளை ஒரு கதையாகத் திருப்பிச் சொல்ல முடியும். நான்காவதைச் சேர்த்தால் முதலாவது நழுவிவிடுகிறது என்பது என் அனுபவம். இரண்டாம் கேள்விக்கு இரண்டு சங்கிலிகள் ஒன்றோடொன்று முட்ட வேண்டும். இடம் மாற்றினால் நாயிடமிருந்தும் கடல் அரிப்பிலிருந்தும் முட்டை தப்பும். ஆனால் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே, அதுவும் அடைகாலத்தின் நடுப்பகுதியில், முடிவு செய்கிறது. வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகள் கூடும். ஆகவே பொரிப்பகத்தின் மணல் வெயிலில் எவ்வளவு காய்கிறது, அதற்கு நிழல் போட வேண்டுமா என்பதும் கேள்வியாகிறது. ஒன்றைக் காக்கும் வழியே வேறொன்றை மாற்றக்கூடும் என்ற இந்த இருதலை நிலையைப் பெரியவர் விரும்பிக் கேட்பார். இதைக் குழந்தைக்கு எவ்வளவு எளிய சொல்லில் சொன்னாலும் எளிதாகாது, ஏனெனில் கடினம் சொல்லில் இல்லை.

எளிமையாக்கும்போது ஓர் எல்லைக்கோடு உண்டு. பின்னாளில் குழந்தை ‘அது தப்பு’ என்று மறக்க வேண்டிய எதையும் இன்று சொல்லக் கூடாது. உங்கள் பிரதியில் “குஞ்சு நிலாவைப் பார்த்துக் கடலுக்குப் போகும்” என்று ஒரு வரி இருக்கிறது. அழகான வரி, ஆனால் உண்மை இல்லை. நிலா இல்லாத இரவிலும் குஞ்சுகள் கடலை அடைகின்றன. தாழ்ந்த அடிவானத்தில் வெளிச்சம் கூடிய பக்கத்தை நோக்கியும், மணல்மேடும் புதரும் நிற்கும் இருண்ட பக்கத்தை விட்டு விலகியும் அவை நகர்கின்றன. “கடல் பக்கம் கொஞ்சம் வெளிச்சமாக இருக்கும்” என்று சொன்னால் அது குறைவான உண்மை, ஆனால் பொய்யில்லை; நாளை அதன்மேல் மீதியைக் கட்டலாம்.

இந்த ஒரு பகுதியை மட்டும் இரண்டு விதமாகவும் எழுதிக் காட்டுகிறேன். குழந்தைக்கு:

“ராத்திரி நேரம். கடற்கரையில் யாரும் இல்லை. மணலுக்குள்ளே ஏதோ அசைகிறது. ஒரு குட்டித் தலை வெளியே வருகிறது. பிறகு இன்னொரு தலை! அதுதான் ஆமைக் குஞ்சு. குஞ்சு கடலுக்குப் போக வேண்டும். ஆனால் கடல் எந்தப் பக்கம்? குஞ்சுக்குச் சொல்லித்தர அம்மா இல்லை; அம்மா ஆமை முட்டை போட்ட அன்றைக்கே கடலுக்குப் போய்விட்டது. அதனால் குஞ்சு சுற்றிப் பார்க்கிறது. ஒரு பக்கம் ஒரே இருட்டு. இன்னொரு பக்கம் கொஞ்சம் வெளிச்சம். வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் கடல். குஞ்சு அந்தப் பக்கம் நடக்கிறது. ஆனால் ஐயோ, ரோட்டில் ஒரு விளக்கு எரிகிறது! கடலைவிட விளக்கு ரொம்ப வெளிச்சமாக இருக்கிறது. அதனால் குஞ்சு கடலுக்குப் போகாமல், ரோட்டுக்குப் போகிறது.”

பெரியவருக்கு:

“முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்குக் கடல் எது என்று தெரியாது, தாழ்ந்த அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம் கூடுதலோ, அந்தப் பக்கம் நகர்கிறது, அவ்வளவுதான். விளக்கில்லாத கரையில் அந்தப் பக்கம் எப்போதும் கடலாகவே இருந்தது, ஏனெனில் பின்னால் மணல்மேடும் புதரும் இருண்டு நிற்கும். கரையோரச் சாலையும் விடுதிகளும் வந்த பிறகு அந்தப் பழைய கணக்கு தவறிவிட்டது. இன்று பல கரைகளில் முட்டைகளை இரவோடு இரவாக எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து, ஏறத்தாழ 45 முதல் 60 நாள் வரை காத்திருந்து, குஞ்சுகளைத் தண்ணீர் விளிம்புக்கு அருகில் கொண்டுபோய் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.”

குழந்தைப் பகுதி பெரியவர் பகுதியைவிட நீளமாக இருப்பதைக் கவனியுங்கள். அதில் ஒரு கண்ணியும் ஊகத்துக்கு விடப்படவில்லை. ஆகவே இடம் பிடிக்கிறது. பெரியவர் பகுதி இரண்டு கண்ணிகளைத் தாண்டிக் குதிக்கிறது. கேட்பவர் தாமே நிரப்பிக்கொள்வதில்தான் அவருக்குச் சுவை. குழந்தைப் பிரதி என்றாலே சிறியது என்ற எண்ணத்தை விடுங்கள். செய்திகள் குறைவு, சொற்கள் குறைவல்ல.

எண்களைப் பற்றி ஒரு சொல். நூற்றையொட்டிய முட்டைகள், 45 முதல் 60 நாள் என்பவை பெரியவருக்குச் செய்தி; கோழிமுட்டை 21 நாளில் பொரிவதோடு ஒப்பிட்டால் இன்னும் நன்றாகப் பதியும். குழந்தைக்கு முட்டை எலுமிச்சம்பழம் அளவு உருண்டையாக இருக்கும் என்பதும், ‘நிறைய, நிறைய முட்டைகள்’ என்பதும் போதும்.

எந்தத் தமிழில் எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் பிரதியில் தடுமாற்றம் தெரிவதால் சொல்கிறேன். பெரியவர் பிரதி எழுத்துத் தமிழில் இருப்பதில் யாருக்கும் சிரமம் இல்லை. ஐந்து வயதுக் குழந்தை வீட்டில் கேட்பது பேச்சுத் தமிழ். ‘செல்லும்’, ‘நோக்கி’, ‘அவற்றின்’ என்பவை அதற்கு ஏறக்குறைய வேற்று மொழி. அதற்காக முழுப் பேச்சுத் தமிழில் எழுதினால், எந்த ஊர்ப் பேச்சு என்ற கேள்வி எழும். கடலூருக்கு இயல்பாக ஒலிப்பது திருநெல்வேலிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒட்டாது. நான் பின்பற்றும் வழி, பேச்சுத் தமிழின் சொல்லும் எழுத்துத் தமிழின் ஈறும் சேர்ந்த ஒரு நடை. ‘செல்கிறது’ வேண்டாம், ‘போகுது’ம் வேண்டாம், ‘போகிறது’ போதும். ‘உண்ணும்’ வேண்டாம், ‘சாப்பிடும்’. ‘சாலை’ என்பதைவிட ‘ரோடு’ என்றால்தான் குழந்தைக்கு உடனே தெரியும் என்றால் அதையே வைத்துக்கொள்ளலாம். வாசிப்பவர் ‘போகிறது’ என்பதைச் சற்றே நெகிழ்த்தி வாசித்தால் குழந்தையின் காதுக்கு வீட்டுத் தமிழாகிவிடுகிறது.

வேகத்துக்கு என் கைக்கணக்கு: பெரியவர் பிரதி நிமிடத்துக்கு 100 சொல் அளவில், குழந்தைப் பிரதி 70 சொல் அளவில். ‘கடல் எந்தப் பக்கம்?’ போன்ற கேள்விக்குப் பிறகு மூன்று வினாடி மௌனம் விடச் சொல்லிப் பிரதியிலேயே எழுதிவிடுங்கள்; இல்லையென்றால் ஒலிப்பதிவுக் கூடத்தில் அதை முதலில் வெட்டிவிடுவார்கள்.

இனி, சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். குழந்தைகள் ஆமாம் என்பார்கள், பெரியவர்களும் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். ஐந்து குழந்தைகளை, கூட்டமாக அல்லாமல் ஒவ்வொருவராக, ஒரு தட்டில் மணலும் ஒரு பொம்மை ஆமையும் ஒரு கைவிளக்கும் வைத்துக்கொண்டு கேட்கச் செய்யுங்கள். முடிந்ததும், “உன் தம்பிக்கு இந்தக் கதையைச் சொல்லிக் காட்டு” என்று மட்டும் சொல்லுங்கள். கூட்டமாக வைத்தால் முதலில் பேசும் குழந்தையின் கதையையே மற்றவர்களும் சொல்வார்கள். மூன்று கண்ணிகளையும் தாளில் எழுதிவைத்து, வந்ததற்கு மட்டும் குறியிடுங்கள். ஒரே கண்ணி மூன்று குழந்தைகளிடம் விடுபட்டால் அது பிரதியின் குறை. எப்படி விடுபடுகிறது என்பதே எங்கே குறை என்று காட்டும். யார் செய்தார் என்று மாறிப் போனால், உங்கள் ‘அது’ காரணம். நிகழ்ச்சிகள் எல்லாம் வந்து, காரணம் மட்டும் வரவில்லை என்றால், ‘அதனால்’ எங்கோ உதிர்ந்திருக்கிறது. ஒரு சொல்லைப் பிசகாமல் ஒப்பித்துவிட்டு அதைப் பொம்மையால் செய்து காட்ட முடியவில்லை என்றால், அந்தச் சொல் காதில் விழுந்தது, மனத்தில் விழவில்லை.

பெரியவர் பிரதியைச் சோதிக்க, 1953-இல் வில்சன் டெய்லர் வகுத்த முறை ஒன்று உண்டு: ஒவ்வோர் ஐந்தாம் சொல்லையும் நீக்கி, வாசகர் அதை எத்தனை இடத்தில் சரியாக நிரப்புகிறார் என்று எண்ணுவது. தமிழில் சொல்லோடு உருபும் சேர்ந்து போய்விடுவதால் மதிப்பெண் போடுவது தகராறாகிவிடும்; தவிர அதுவும் அச்சுக்கானதே. அதன் கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நான் ஒலிப்பதிவை நான்கு இடங்களில் நிறுத்தி, “அடுத்து என்ன சொல்லப் போகிறார்கள்?” என்று கேட்பேன். ‘ஆனால்’ என்ற சொல்லுக்கு அடுத்து நிறுத்துவது நல்ல இடம். விடை முழுவதும் சரியாக இருந்தால் பிரதி அவருக்கு மிக எளிது, சலிக்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள். ஒன்றுமே சொல்ல முடியாவிட்டால் முந்தைய பகுதி அவரிடம் சேரவில்லை. திசை சரியாகவும் விவரம் வேறாகவும் இருந்தால், அந்த மட்டத்தில் கை வைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் ஐந்து குழந்தைகளும் நகரப் பள்ளி ஒன்றிலிருந்தே வந்தால் இந்தச் சோதனை பாதிதான் நம்பத்தக்கது. மீனவக் குப்பத்துக் குழந்தைக்கு வலையில் மாட்டிய ஆமையைக் கண்ணால் பார்த்த அறிவு இருக்கும். நகரக் குழந்தைக்கு அலை எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்பதே தெரியாது. அறிந்த விஷயத்தில் குழந்தை கடினமான சொல்லையும் வளைத்துப் பிடித்துக்கொள்ளும். காட்சியகத்துக்கு இருவரும் வருவார்கள் என்பதால், இருவரிலும் சிலரை வைத்துப் பாருங்கள். முடிவுகள் முரண்பட்டால் கடலை அறியாத குழந்தைக்கு ஏற்றபடி எழுதுங்கள், அறிந்த குழந்தை நடுவில் குறுக்கிட்டுத் திருத்துவதை ரசிக்கும்.

வெப்பமும் ஆண், பெண் குஞ்சும் பற்றிய பகுதியைக் குழந்தைப் பிரதியில் எப்படியாவது நுழைக்க வேண்டும் என்று பிரதியின் ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். இந்தப் பிரதியில் வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு என்று மூன்றாவதாக ஒன்று எழுதும் வாய்ப்புக் கிடைத்தால், அதன் முதல் வரியாக அதை வையுங்கள்.